பாமினிக்குள் கிடக்கும் ஊர்

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள், எங்கள் நூலகத்துக்கு ஒரு அம்மா பேரனோடு வந்தார். பேரனின் கையில் பழைய பிஸ்கட் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே பதினொரு சீடி, துருப்பிடித்த கிளிப் போட்ட சில தாள்கள், அவற்றுக்கு அடியில் தடித்த மட்டை போட்ட இரண்டு சீஆர் கொப்பிகள். "புள்ள, அவர்ட பேர் இதுக்குள்ள இரிக்காம், சங்கத்துப் பொடியன் சொன்னான். கொஞ்சம் பாத்துத் தாகா" என்றார்.

விஷயம் இதுதான். அவர்கள் இருந்தது எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஒரு ஒடுங்கிய துண்டு நிலத்தில். 2004 டிசம்பர் 26 அன்று வீடு போனது, காணி அனுமதிப்பத்திரம் போனது, சில மாதங்களுக்குப் பிறகு கணவரும் போய்விட்டார். சுனாமிக்கு முன் அந்த ஒழுங்கையில் யார் யார் குடியிருந்தார்கள் என்று ஊர்ச் சங்கம் 2005இல் ஒரு பட்டியல் தயாரித்து டைப் பண்ணி வைத்திருந்தது. காணி விஷயமாக இப்போது அது அவருக்குத் தேவைப்படுகிறது. அச்செடுத்த பிரதி ஒருவரிடமும் இல்லை. டைப் பண்ணிய பையன் வெளிநாட்டில். சங்கம் பெயருக்கு இருக்கிறது. மிஞ்சியது அந்தப் பெட்டி மட்டும்தான்.

நான் நூலக டிப்ளோமா படித்த காலத்தில் இப்படி ஒரு பெட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லை. டூயி இலக்கம் போடப் படித்தோம், தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்பது இப்போதும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பட்டியல் அட்டையில் எந்த வரி எத்தனை எழுத்துத் தள்ளித் தொடங்க வேண்டும் என்று கூடப் படித்தோம். அதெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன், ஏன் வீணில்லை என்பது பின்னால் வரும். ஆனால் இன்று எங்கள் வேலையின் பாதி அந்த மாதிரிப் பெட்டிகள்தான், அதைத் திறக்கத் தெரியாத நூலகரை ஊர் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தேடி வரும். ஆகவே அந்தப் பெட்டிக்கு என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். எங்கள் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் "என்ன வேலை மிஸ்?" என்று கேட்டால் இனி இதைக் காட்டலாம்.

முதலில் கொப்பிகள். ஒன்று 1960களில் தொடங்கியது, மற்றது 2000க்குப் பிறகு. பழையதன் கீழ்ப்பகுதியில் தண்ணீர் ஏறிய கறை வரிசையாகத் தெரிகிறது. அது 1978 சூறாவளியா, பின்னால் வந்த வெள்ளமா, சுனாமியா, எதுவென்று சொல்ல முடியாது, இந்த மாவட்டத்துக் காகிதங்களுக்கு அப்படித்தான் வரலாறு. ஆனால் திறந்தால் வாசிக்கலாம். நீல மை கொஞ்சம் பரவியிருக்கிறது, கையெழுத்து தெளிவு, கீழே தலைவர், செயலாளர் ஒப்பம். அறுபது வருடக் காகிதத்தை வாசிக்க எனக்குத் தேவைப்பட்டது ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

இருபது வருடம் கூட ஆகாத சீடிகள்தான் படாதபாடு படுத்தின.

பதினொன்றில் எட்டு உடனே திறந்தன. மூன்று திறக்கவில்லை. ட்ரைவ் கொஞ்ச நேரம் சுற்றும், கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். எழுதக்கூடிய சீடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படையில். அதற்கு மேலே மெல்லிய உலோகப் படை, அதற்கும் மேலே ஒரு பூச்சு, அதன் மேல்தான் நாங்கள் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவோம். ஆகவே லேபல் பக்கம்தான் பலவீனமான பக்கம். கீழே கீறினால் சில வேளை தப்பும், மேலே உரிந்தால் தப்பாது. எங்கள் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஓரத்திலிருந்து படை கிளம்பத் தொடங்கும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், ஊசித்துவாரம் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போய்விட்டது என்று அர்த்தம்.

திறக்காத சீடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடாது. முதலில் அதில் எதெல்லாம் எடுக்க முடியுமோ அதை அப்படியே ஒரு படிமக் கோப்பாக எடுத்துக்கொண்டு, மிச்ச வேலையை அந்தப் படிமத்தில் செய்வதுதான் முறை. லினக்ஸில் `ddrescue` என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதற்கு இரண்டு வரி:

```
ddrescue -n -b 2048 /dev/sr0 cd07.iso cd07.map
ddrescue -d -r3 -b 2048 /dev/sr0 cd07.iso cd07.map
```

முதல் வரி இலகுவாக வாசிக்கக் கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு கஷ்டமான இடங்களைக் குறித்து வைக்கும். இரண்டாவது, குறித்து வைத்த இடங்களுக்கு மட்டும் திரும்பப் போய் மூன்று தடவை முயற்சிக்கும். இதில் எனக்குப் பிடித்தது அந்த `map` கோப்பு. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது அதில் இருப்பதால், ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொரு ட்ரைவில் போட்டு அதே கோப்பின் மேல் தொடரலாம். ஏழாம் இலக்கச் சீடி என் லப்டொப்பில் திறக்கவே இல்லை. பக்கத்துக் கடையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய டெஸ்க்டொப் ட்ரைவைக் கழற்றி வாங்கி வந்து போட்டோம், கொஞ்சமே கொஞ்சம் தவிர எல்லாம் வந்துவிட்டது. மற்ற இரண்டும் வரவில்லை. அதையும் எழுதி வைத்தோம், "வாசிக்க முடியவில்லை, இன்ன திகதி, இன்ன முறை" என்று. கிடைக்காததைப் பதிவது பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் புதினமாக இருக்கும், ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து வேறொருவர் அதே சீடியோடு அதே நாளை வீணாக்குவார்.

சரி, கோப்புகள் கிடைத்தாயிற்று. ஒன்றைத் திறந்தால் இப்படி இருந்தது:

```
kl;lf;fsg;G
nts;sk;
Nfhapy;
mth;
```

எங்கள் வயதுக்காரருக்கு இது பார்த்தவுடன் தெரியும். பாமினி. 90களிலும் 2000களிலும் இலங்கையில் தமிழில் டைப் பண்ணிய கடிதம், கல்யாணக் கார்ட், சங்க அறிக்கை, வினாத்தாள் எல்லாம் பெரும்பாலும் இந்த எழுத்துருவில்தான். மேலே இருப்பவை வரிசையாக மட்டக்களப்பு, வெள்ளம், கோயில், அவர். எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றினால் திரையில் தமிழ் வந்துவிடும். எனக்கு உதவிக்கு இருந்த தங்கச்சி, பல்கலைக்கழகம் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர், ஏற்றியவுடன் கை தட்டினார். "வந்திட்டு மிஸ்!"

வரவில்லை. கண்ணுக்குத்தான் வந்தது. கணினிக்கு அது இன்னும் `kl;lf;fsg;G`தான். தேடல் பெட்டியில் மட்டக்களப்பு என்று அடித்தால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் கோப்பில் "ம" என்ற எழுத்தே இல்லை, ஆங்கில k இருக்கிறது, அதன் மேல் "ம" படம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். யுனிகோட்டில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே ம என்றால் எந்தக் கணினியிலும் எந்தப் போனிலும் ம. பாமினியில் அந்த உத்தரவாதம் இல்லை. நானூறுக்கு மேற்பட்ட கோப்புகளுக்குள் ஒரு பெயரைத் தேட வேண்டும் என்றால் ஒன்று அவ்வளவையும் கண்ணால் வாசிக்க வேண்டும், இல்லை எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு இணையத்தில் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன, ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு கடிதத்துக்கு அது போதும். ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் காசுக் கணக்கும் கலந்த பட்டியலுக்கு அது ஆபத்து. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் எங்கள் வேலை மாறிவிட்டது என்று கூட்டங்களில் பொதுவாகச் சொல்கிறார்களே, அது உண்மையில் மாறியது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாமினி தட்டச்சு இயந்திரப் பழக்கத்தில் வந்தது. கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அது முதலில். கோ என்று எழுத முதலில் கொம்பு `N`, அப்புறம் க `f`, அப்புறம் கால் `h`. யுனிகோட்டில் க முதலில், ஓகாரக் குறி பின்னால், அதுவும் ஒரே குறியாக. ஆகவே மாற்றும் போது `N`, `f`, `h` என்று தனித்தனியாக மாற்றினால் கொம்பு அந்தரத்தில் நிற்கும். `Nfh` என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்த்து "கோ" ஆக்கிவிட்டு, மிச்சமிருக்கும் `Nf`ஐ "கே" ஆக்கிவிட்டு, கடைசியில்தான் தனி `f`ஐத் தொட வேண்டும். நீளமானது முதலில், குட்டையானது கடைசியில். அதே `h` தான் காலும், புள்ளியோடு வந்தால் ரகர மெய்யும்: `mth;` என்பது அவர். கால் என்று முதலில் மாற்றிவிட்டால் ஊரில் உள்ள அத்தனை "அவர்"களும் உடைந்து போவார்கள்.

இலங்கை இணையப் பக்கங்களில் "வௌியீடு", "வௌிநாடு" என்று பார்த்திருப்பீர்கள். கூர்ந்து பாருங்கள், அது வெளியீடு அல்ல. வ-வுக்குப் பின்னால் ஔகாரக் குறி, அதன் மேல் தனியாகத் தொங்கும் ஒரு இகரக் குறி. இதுவும் பாமினிக் கதைதான். பாமினியில் ஔகாரத்துக்கு என்று தனி எழுத்து இல்லை, கொம்பும் ளகரமும் சேர்ந்ததுதான் அது, பழைய அச்சுக் கோப்பு மாதிரி. `nts` என்று வந்தால் அது "வௌ"வாகவும் இருக்கலாம், "வெள" ஆகவும் இருக்கலாம். அவசரப்பட்ட மாற்றி, நீளமானது முதலில் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி எல்லாவற்றையும் வௌ ஆக்கிவிடும், அடுத்து வருகிற புள்ளியோ இகரமோ தனியாகத் தொங்கும். எங்கள் சீடிகளில் வெள்ள நிவாரணப் பட்டியல்கள் நிறைய. முதல் தடவை மாற்றியபோது ஒரு "வெள்ளம்" கூடச் சரியாக வரவில்லை. கண்ணுக்கு ஏறக்குறையச் சரி, தேடினால் பூச்சியம்.

திருத்துவது கஷ்டமில்லை. அந்த `s`க்குப் பின்னால் புள்ளியோ உயிர்க் குறியோ வந்தால் அது நிச்சயம் ளகரம். வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். மீதியை ஆள்தான் பார்க்க வேண்டும். இதே சிக்கல் எதிர்ப்பக்கமும் உண்டு, அது இன்னும் மோசம். "மௌலவி" என்பதை எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ம-வும் ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு "மெளலவி" என்று டைப் பண்ணுகிறார்கள், யுனிகோட்டிலேயே. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஒரு பள்ளிவாசல் நிர்வாகப் பட்டியலை எடுத்து மௌலவி என்று தேடினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பௌர்ணமி, கௌரவ, சௌந்தரம், எல்லாம் இப்படித்தான். அதனால் தேடலுக்கென்று ஒரு தனிப் பிரதியில் இரண்டையும் ஒன்றாக்கி வைக்கிறோம், மூலத்தில் கை வைப்பதில்லை.

அப்புறம் இன்னொரு பொறி. ஒரே வேர்ட் கோப்பில் தமிழ் பாமினியிலும், இலக்கமும் ஆங்கிலமும் டைம்ஸ் எழுத்துருவிலும் இருக்கும். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". ஆகவே முழுக் கோப்பையும் கண்ணை மூடி மாற்றினால் 25,000 ரூபா "25இ000" ஆகிவிடும். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் வருகிற `V` என்ன ஆகும் தெரியுமா? பாமினியில் அது "ஏ". பட்டியலில் உள்ள அவ்வளவு பேரின் அடையாள அட்டையும் ஏகாரத்தில் முடிந்தது. தங்கச்சி சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இது தெரியக்கூடிய பிழை. ஒருவரும் கவனிக்காமல் இப்படியே அச்செடுத்து ஒரு அலுவலகத்தில் கொடுத்திருந்தால், "இலக்கம் பிழை" என்ற ஒரு சொல்லோடு அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இதற்கு வழி, எந்த எழுத்துத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கோப்பையே கேட்பது. பழைய `.doc`ஐ முதலில் `.docx` ஆக்க வேண்டும், லிப்ரே ஒபிஸ் இருந்தால் ஒரு வரி:

```
soffice --headless --convert-to docx *.doc
```

`.docx` என்பது உள்ளே ஒரு சிப் பொதி, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும். பெயர் `Bamini` என்றால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் தொடாதே. சின்ன நிரல்தான், பைதனில் தங்கச்சி இரண்டு நாளில் எழுதினார். மூன்றாம் நாள் ஒரு பெரிய கோப்பு முழுக்க மாறாமல் அப்படியே இருந்தது. பார்த்தால், அதை டைப் பண்ணியவர் எழுத்துருவைத் துண்டு துண்டாகத் தெரிவு செய்யாமல் ஒழுங்காகப் பத்தியின் ஸ்டைலில் வைத்திருக்கிறார். துண்டில் பெயர் வெறுமை, பெயர் இருப்பது மேலே. ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளின் கோப்புத்தான் எங்களைச் சறுக்க வைத்தது. நல்லாயிருக்கட்டும் அந்தத் தம்பி.

"மிஸ், இது நூலகர் வேலையா ஐடி வேலையா?" என்று ஒரு பின்னேரம் தங்கச்சி கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் பதில் தானாக வந்தது.

எல்லாம் மாற்றி முடித்து அம்மாவின் கணவர் பெயரைத் தேடினோம். உண்மைப் பெயரை எழுதப்போவதில்லை, தம்பிப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கவில்லை. நிரல் சரி, எழுத்துச் சரி, ஆள் இல்லை. தங்கச்சியின் முகம் விழுந்துவிட்டது. நான் பழைய பட்டியலட்டைக்காரி. ஒரு ஆளுக்கு எத்தனை பெயர் வடிவம் வரும் என்று கையால் எழுதிப் பழகியவள். தம்பிபிள்ளை என்று ஒற்று விட்டு எழுதுவார்கள். தம்பி பிள்ளை என்று இடம் விடுவார்கள். முதலெழுத்து ஆங்கிலத்தில் `K.` ஆக இருக்கும், தமிழில் "க." ஆக இருக்கும், தகப்பன் பெயர் முழுதாக முன்னால் வரும், ஊரில் கூப்பிடுகிற பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். எங்கள் துறையில் இதற்குப் பெயரே உண்டு, பெயர்க் கட்டுப்பாடு, ஒரு ஆளுக்கு ஒரு நிலையான வடிவத்தை வைத்துக்கொண்டு மற்ற வடிவங்களை எல்லாம் அதோடு கட்டி வைப்பது. வடிவங்களை ஒரு தாளில் எழுதினேன், ஆறு வந்தது. ஒற்று விட்ட நான்காவது வடிவத்தில் ஆள் இருந்தார். ஒழுங்கையின் பெயர், பிள்ளைகள் எத்தனை, பக்கத்துக் கட்டத்தில் மனைவியின் பெயர். தங்கச்சி நிரலை எழுதினார், நான் ஒற்றைத் தேடினேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து அம்மாவுக்குப் போன் பண்ணப் போனேன். பிறகு யோசித்தேன். இதை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தால் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன கேட்பார்? "இதை எப்ப, யார் டைப் பண்ணினது? நேற்றுப் பண்ணினதில்லை என்று எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. கோப்பின் திகதியைப் பார்த்தோம். நாங்கள் மாற்றிய கோப்பில் எங்கள் திகதி, அது உதவாது. சீடியில் இருந்த மூலத்தின் திகதி 2011, ஏனென்றால் யாரோ அப்போது பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து மீண்டும் சேமித்து எழுதியிருக்கிறார்கள். வேர்ட் கோப்பின் உட்குறிப்பில் உருவாக்கிய திகதி 2005 பெப்ரவரி என்று இருந்தது, நல்லது, ஆனால் கணினிக் கடிகாரத்தை நம்பித்தான் அதுவும். அதே சீடியில் 1980 ஜனவரி 1 என்று காட்டுகிற கோப்புகளும் இருந்தன. மதர்போர்டில் உள்ள சின்ன பெட்டரி செத்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தொடக்கத்துக்குப் போய்விடும், அந்தக் காலத்தில் கரண்ட் எப்படிப் போய் வந்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. ஆக, திகதி ஒரு தடயம். சாட்சி இல்லை.

சாட்சி இருந்தது சீஆர் கொப்பியில். 2005இல் நடந்த ஒரு கூட்டத்தின் அறிக்கையில், கையால், பாதிப்புக்கு முன் குடியிருந்த குடும்பங்களின் பட்டியல் சபையில் வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது, குடும்பங்களின் தொகை இவ்வளவு என்று எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டிருந்தார்கள். தொகையை எங்கள் கோப்பில் எண்ணிப் பார்த்தோம். ஒத்து வந்தது. தனியாகப் பார்த்தால் கொப்பியில் கணவர் பெயர் இல்லை, கோப்பில் ஒப்பம் இல்லை. இரண்டும் ஒரே பிஸ்கட் பெட்டியில் சேர்ந்து கிடந்ததால்தான் ஒன்று மற்றதற்குச் சாட்சி சொல்ல முடிந்தது. சுவடிக் காப்பாளர்கள் மூல ஒழுங்கைக் குலைக்காதே என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள் என்று எனக்குப் பரீட்சைக்குப் படித்தபோது புரியவில்லை. புத்தகம் எல்லாம் ஒரு அலுமாரி, சீடி எல்லாம் ஒரு பெட்டி என்று பிரித்து அடுக்குவதுதான் நூலகர் கை. அன்று காலை அந்தப் பெட்டி வந்தவுடனேயே நான் அப்படித்தான் பிரிக்கப் போனேன், நல்ல காலம், அதற்குள் மூன்று பேர் புத்தகம் திருப்பித் தர வந்துவிட்டார்கள்.

பிறகு கொப்பிகளை ஸ்கேன் பண்ணினோம். ஏ4 அளவுப் பக்கத்தை நிறத்தில் 300 டிபிஐயில் சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும், 200 பக்கத்துக்கு 5 ஜிபிக்கு மேல். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சின்னதாகும், ஆனால் மை எது, கறை எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் மூலம் டிஃப், ஆட்களுக்குக் காட்டச் சின்னதாக ஒரு பிடிஎப். ஸ்கேன் இரண்டு நாள். ஒவ்வொரு பக்கத்திலும் எந்தக் கூட்டம், எந்தத் திகதி, என்ன தீர்மானம் என்று விரிதாளில் எழுதி முடிக்க மூன்று கிழமை. நிதி தர வருகிறவர்கள் எப்போதும் இரண்டு நாளுக்குத்தான் தருகிறார்கள். அச்சான நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து நூலகம் எண்ணிம நூலகத்துக்காரர் ஏற்றிவருவதால் ஈழத்துப் புத்தகம் ஒன்று தேடினால் இன்று ஓரளவுக்கு நம்பிக்கையோடு தேடலாம். ஒரே ஒரு பிரதி மட்டும் எழுதப்பட்ட கூட்ட அறிக்கைகளுக்கு இன்னும் பிஸ்கட் பெட்டிதான்.

கடைசியாக ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை எடுத்தோம்.

```
sha256sum *.docx > manifest.txt
sha256sum -c manifest.txt
```

முதல் வரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து 64 எழுத்து நீளத்தில் ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைக்கும். ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். இரண்டாவது வரி எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சரி பார்க்கும். இரண்டு மாதம் கழித்துச் சரி பார்த்தபோது ஒரு கோப்பு `FAILED` என்றது. ஒருவரும் கெட்டது செய்யவில்லை, யாரோ பார்க்கத் திறந்து, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியிருக்கிறார். மற்ற டிஸ்கில் இருந்த பிரதியை எடுத்து மாற்றினோம். மூன்று பிரதி, அதில் ஒன்று இந்த ஊரிலேயே இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்துகொண்டு மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பவருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வேலை வாய்ப்பு பற்றிக் கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்கள் தங்கள் பதிவேடுகளைப் பட்டியலிட்டு, தேடக்கூடியதாக, புதியவற்றைக் குறைந்தது 12 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது. 12 வருடம் என்றால் ஒரு ஹார்ட் டிஸ்கை நம்பி இருக்கக்கூடிய காலத்தை விட அதிகம். அந்த வேலையை இப்போது பெரும்பாலும் செய்வது வேறு வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு முகாமைத்துவ உதவியாளர், தன் மேசையில் இருக்கிற கணினியில், "புதிய கோப்பு 2 கடைசி" என்ற பெயரில். அவரைக் குற்றம் சொல்லவில்லை, ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அந்த மேசையில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் போக நினைத்தால் நூலகப் பட்டியலாக்கமும் படியுங்கள், கொஞ்சம் பைதனும் படியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நானும் தங்கச்சியும் தனித்தனியாக நின்ற இடத்தில் நிற்பீர்கள்.

அம்மாவுக்குப் பட்டியல் பக்கத்தையும் கூட்ட அறிக்கைப் பக்கத்தையும் அச்செடுத்து, எந்தச் சீடியிலிருந்து எப்படி எடுத்தோம், என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சேர்த்துக் கொடுத்தோம். மூலப் பாமினிக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம் என்று அதில் எழுதினோம். கோப்பில் சேர்த்துக்கொண்டார்களாம், முடிவு இன்னும் வரவில்லை. பட்டியல் பக்கத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேர்ல ஒரு எழுத்துக் குறையுது என்ன புள்ள" என்றார். ஆம், ஒற்று. திருத்த மாட்டோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். திருத்தினால் அது 2005இல் எழுதினது இல்லை என்று ஆகிவிடும் என்றேன். சரி என்று மடித்து வைத்துக்கொண்டார்.

இன்னும் பெட்டியில் ஆறு கோப்புகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. `.p65` என்று முடிபவை, பேஜ்மேக்கர் 6.5இல் செய்த சங்க ஆண்டு மலரும் கணக்கறிக்கையும். இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் இவற்றைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்கா. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய அச்சகம் ஏதாவதில் இவற்றில் ஒன்று ஓடுகிற கணினி இன்னும் மூலையில் கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குப் போட முதல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.